மெயின்டெனன்ஸ் 6,750-லிருந்து 9,292 ஆனது: கணக்குக் கேட்டு வாங்கிய அனுபவம்

மேடவாக்கம், 3 பெட்ரூம்

எங்கள் குடியிருப்பில் 120 வீடுகள். மொத்தப் பரப்பு ஒன்றரை லட்சம் சதுர அடி. சதுர அடிக்கு 4.50 ரூபாய் வாங்கிக்கொண்டிருந்தார்கள். என் வீடு 1,500 சதுர அடி என்பதால் மாதம் 6,750. ஏப்ரல் பில்லைத் திறந்தால் 9,292 ரூபாய் 50 காசு! 'திருத்தப்பட்ட கட்டணம்' என்று ஒரே வரிதான், வேறு விளக்கமே இல்லை.

வாட்சப் குழுவில் அன்று இரவே சண்டை ஆரம்பித்துவிட்டது. "கட்ட முடியாதவர்கள் தனி வீடு பார்த்துப் போகலாம்" என்று ஒருவர் எழுத, அப்புறம் யாரும் பில்லைப் பற்றியே பேசவில்லை. நான் அதில் இறங்காமல் செயலாளருக்கும் பொருளாளருக்கும் மின்னஞ்சல் அனுப்பி, அதன் நகலில் அலுவலகத்தில் முத்திரை வாங்கிக்கொண்டேன். கேட்டது நான்கே விஷயம்: புதிய கட்டணத்தில் சதுர அடிக்கு எவ்வளவு, வரி எவ்வளவு, கூடுதலாக வசூலாகும் பணம் எந்தெந்தச் செலவுக்குப் போகிறது, எந்தக் கூட்டத்தின் தீர்மானப்படி உயர்த்தினார்கள்.

பதில் வரத் தாமதமானாலும் ஒரு எக்செல் தாள் வந்தது. கட்டணம் 5.25 ஆகியிருக்கிறது. 1,500 சதுர அடிக்கு 7,875. இது 7,500-ஐத் தாண்டியதால் முழுத் தொகைக்கும் 18 சதவீத ஜிஎஸ்டி, அதாவது 1,417.50. இரண்டும் சேர்ந்துதான் 9,292.50.

இனி அந்த 75 பைசாவைப் பார்ப்போம். ஒன்றரை லட்சம் சதுர அடிக்கு மாதம் 1,12,500 ரூபாய் கூடுதலாக வருகிறது. காவல், துப்புரவு ஏஜென்சிக்கு 38,000 உயர்வு, பொது மின்சாரத்துக்கு 14,000 உயர்வு என்று காட்டியிருந்தார்கள். இரண்டுக்கும் பில் பார்த்தேன், சரியாகவே இருந்தது. ஆக 52,000 போக மீதி 60,500 எங்கே? தாளில் 'பராமரிப்பு – இதர' என்று இருந்தது. பொருளாளரிடம் நேரில் உட்கார்ந்து கேட்டபோதுதான் சொன்னார், அது அடுத்த வருடம் பெயின்ட் அடிக்கச் சேர்க்கும் பணம் என்று.

பெயின்ட் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, சுவரில் விரிசல் வழியே தண்ணீர் இறங்குவதைத் தினமும் பார்க்கிறேன். ஆனால் அது ஒருமுறைச் செலவு. அதை மாதக் கட்டணத்துக்குள் புதைத்துவிட்டால் வேலை முடிந்த பிறகும் யாரும் குறைக்க மாட்டார்கள். எங்கள் பைலாவில் கட்டண உயர்வுக்குப் பொதுக்குழு ஒப்புதல் வேண்டும் என்று தெளிவாக இருக்கிறது. இவர்கள் செயற்குழுவிலேயே முடித்துவிட்டார்கள்.

52,000-ஐ மட்டும் பங்கு போட்டால் சதுர அடிக்கு 35 பைசாதான் கூடும். 4.85 ஆகும். என் வீட்டுக்கு 7,275. அது 7,500-க்குள் அடங்கிவிடுவதால் ஜிஎஸ்டியே கிடையாது. சிறப்புப் பொதுக்குழுவில் இந்தக் கணக்கை வைத்தோம். 4.85 நிறைவேறியது, பெயின்ட் நிதிக்குத் தனித் தீர்மானம், தனி வங்கிக் கணக்கு. ஏப்ரல், மே மாதங்களில் கூடுதலாக வாங்கியதை அடுத்த பில்களில் கழிக்கிறார்கள்.

பெருங்குடி, சங்கப் பொருளாளர்

சார், நல்லா கேட்டிருக்கீங்க. ஆனால் ஜிஎஸ்டி விஷயத்தில் சங்கத்தைக் குறை சொல்லாதீர்கள். 7,500-ஐத் தாண்டினால் முழுத் தொகைக்கும் 18 சதவீதம், அது மத்திய அரசின் 2019 சுற்றறிக்கை. எங்கள் ஆடிட்டரும் அதைத்தான் சொன்னார். நாங்கள் எதுவும் செய்ய முடியாது.

ஓய்வுபெற்ற கணக்காளர்

பொருளாளர் சொல்வதில் பாதி சரி. 2019 ஜூலை சுற்றறிக்கை அப்படித்தான் சொன்னது. ஆனால் 2021 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 7,500-க்கு மேல் உள்ள தொகைக்கு மட்டுமே வரி என்று தீர்ப்பளித்தது. மேடவாக்கம் நண்பர் குடியிருப்பில் 1,800 சதுர அடி வீடு இருந்தால் வித்தியாசம் புரியும். 4.85 வீதம் 8,730. சுற்றறிக்கைப்படி வரி 1,571 ரூபாய். தீர்ப்புப்படி 1,230-க்கு மட்டும், அதாவது 221 ரூபாய்.

இன்னொன்றையும் உங்கள் ஆடிட்டரிடம் கேளுங்கள். ஜிஎஸ்டி வசூலிக்கும் சங்கம், காவல் ஏஜென்சியும் லிஃப்ட் நிறுவனமும் போடும் பில்லில் உள்ள ஜிஎஸ்டியை வரவாக எடுத்துக் கழிக்கலாம். வரி கட்டும் வீடுகளின் பங்குக்கு மட்டும்தான் அது கிடைக்கும், முழுவதும் அல்ல. உறுப்பினரிடம் வரியும் வாங்கிவிட்டு, இந்த வரவையும் எடுக்காமல் விட்டால் அந்தச் செலவும் நம் தலையில்தான் விழும்.

பெயின்ட் நிதி பற்றி ஒரு எச்சரிக்கை. தனியாக வாங்குவதாலேயே அது 7,500 கணக்கில் வராது என்று நினைக்க வேண்டாம். மாதாமாதம் வாங்கினால் வரித்துறை இரண்டையும் சேர்த்துப் பார்க்க வாய்ப்பு உண்டு. எழுத்தில் கருத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வேளச்சேரி, 8 வீடு

எங்களுக்கும் இதே பிரச்சினைதான். 2022-ல் பொது மின்சாரத்துக்கு யூனிட் 8 ரூபாய் ஆக்கியதும் மெயின்டெனன்ஸை ஏற்றிவிட்டார்கள். ஜிஎஸ்டியை ரத்து செய்ய எங்கே மனு போட வேண்டும்?

மேடவாக்கம், 3 பெட்ரூம்

உங்களுக்கு ஜிஎஸ்டியே வந்திருக்காது அண்ணா. சங்கத்தின் ஆண்டு வசூல் 20 லட்சத்தைத் தாண்டினால்தான் அந்தப் பேச்சே. உங்களுடையது மின் கட்டணப் பிரச்சினை. பத்து வீட்டுக்குள், மூன்று மாடிக்குள், லிஃப்ட் இல்லாத குடியிருப்புகளுக்கு 2023-ல் பொது மின்சாரத்தை 5.50-ஆகக் குறைத்தார்கள். லிஃப்ட் இல்லையென்றால், உங்கள் பொது மீட்டர் அந்தப் பிரிவுக்கு மாறியதா என்று மின் பில்லில் பாருங்கள். மாறியிருந்தும் உங்கள் மெயின்டெனன்ஸ் குறையவில்லை என்றால் செயலாளரிடம் கேட்க அதுதான் சரியான கேள்வி.

சோழிங்கநல்லூர், இரண்டு வீடு

எனக்கு ஒரே வளாகத்தில் இரண்டு வீடுகள், தலா 5,200. இரண்டையும் கூட்டி 10,400 என்று வைத்து ஜிஎஸ்டி போட்டிருக்கிறார்கள். கேட்டால் 'ஒரே பெயர்' என்கிறார்கள்.

ஓய்வுபெற்ற கணக்காளர்

அது தவறு மேடம். 7,500 வரம்பு ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனி. பொருளாளர் மேற்கோள் காட்டிய அதே 2019 சுற்றறிக்கையில்தான் இது இருக்கிறது. அந்த நகலையே இணைத்து அனுப்புங்கள். வாங்கிய வரியை ஏற்கெனவே அரசுக்குக் கட்டிவிட்டார்களா என்றும் கேளுங்கள், திருப்பித் தரும் வழி அதைப் பொறுத்து மாறும்.

தாம்பரம்

எங்கள் சங்கம் கணக்கே காட்டுவதில்லை. மின்னஞ்சல், பதிவுத் தபால் எல்லாம் அனுப்பியாயிற்று. கட்டணத்தை நிறுத்திவிடலாம் என்று இருக்கிறோம்.

மேடவாக்கம், 3 பெட்ரூம்

நிறுத்த வேண்டாம். நிறுத்தினால் நீங்கள் பாக்கிதாரர் ஆகிவிடுவீர்கள், பல பைலாக்களில் பாக்கி உள்ளவருக்கு ஓட்டே கிடையாது. பழைய கட்டணத்தைக் கட்டி, மீதியை ஆட்சேபத்தோடு நிலுவையில் வைப்பதாக எழுதிக் கொடுங்கள். சங்கம் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிவாகியிருந்தால், மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர்கள் கையெழுத்திட்டு மாவட்டப் பதிவாளரிடம் விசாரணை கேட்கலாம். எங்களுக்கு 40 கையெழுத்து தேவைப்பட்டிருக்கும். 31 சேர்ந்தபோதே பொதுக்குழுவைக் கூட்டிவிட்டார்கள்.

பெருங்குடி, சங்கப் பொருளாளர்

கணக்காளர் சார், அந்தத் தீர்ப்பை எங்கள் ஆடிட்டருக்கு அனுப்பினேன். "நாளைக்குத் துறை நோட்டீஸ் அனுப்பினால் வட்டியோடு யார் கட்டுவது?" என்கிறார். எங்களிடம் 22 பெரிய வீடுகள் முழு வரி கட்டிக்கொண்டிருக்கின்றன. அடுத்த செயற்குழுவில் இதைத் தனி அஜெண்டாவாக வைக்கிறேன்.