புதுப்பிப்பு: வரைந்த வடிவத்தைத் தடிமனாக எழுப்பும் 拉伸 கட்டளையைக் கொடுத்தால் தகடு வராமல் சுவர் மட்டும் எழுந்த சிக்கல் தீர்ந்தது

என் கேள்வி: "முப்பரிமாண வரைவு மென்பொருளின் சீன மெனுவில் 拉伸 கொடுத்தால் 8 மி.மீ. தகடு வரவில்லை, ஓரத்தில் மெல்லிய சுவர்தான் எழுகிறது. ஏன்?"

உதவிய அனைவருக்கும் நன்றி. கடலூர் துறைமுகப் படகு ஒன்றுக்கான அந்தத் தகடு நேற்று வெட்டுக்குப் போய்விட்டது.

மெல்லிய சுவரை மட்டும் எழுப்பும் 薄壁特征 பெட்டியில் உள்ள குறியை எடுக்கச் சொன்ன நண்பர் பாதி சரி. குறி இருந்தது, ஆனால் எடுக்க முடியவில்லை. கோட்டு வடிவம் எங்கோ திறந்திருப்பதால் மென்பொருளே அதைக் கட்டாயமாக்கியிருந்தது.

"நான்கு மூலைகளையும் அளந்து பாருங்கள்" என்ற புதுச்சேரி அண்ணனின் யோசனைதான் பலித்தது. ஆனால் முதலில் ஏமாந்தேன். அளக்கும் கருவியான 测量 எல்லா மூலையிலும் 0.00 என்றே காட்டியது. அலகும் துல்லியமும் அமைக்கும் 单位/精度 பொத்தானில் தசம இடங்களை நான்காக்கியதும் வலது மேல் மூலையில் 0.0042 மி.மீ. இடைவெளி தெரிந்தது. சாதாரணமாகப் பார்த்தால் கண்ணுக்குச் சிக்காத இடைவெளி!

அந்த இரு முனைகளையும் ஒரே புள்ளியில் சேர்க்கும் 重合 கொடுத்தேன். கட்டுப்பாடுகள் மிகுந்துவிட்டன என்று சொல்லும் 过定义 எச்சரிக்கை வந்தது. வாடிக்கையாளரின் வரைபடத்திலிருந்து வந்த கோடுகளில், அவற்றை அசையாமல் நிறுத்தும் 固定 ஒட்டியிருந்ததே காரணம். அதை நீக்கிவிட்டு 重合 கொடுத்ததும் மூலை மூடியது. பக்கக் கோடு மிக இலேசாகச் சாய்ந்திருந்ததால் அதைச் செங்குத்தாக்கும் 竖直 சேர்த்து, 120, 60 என்ற அளவுகளையும் மறுபடி இட்டேன். 拉伸 உடனே முழுத் தகட்டைத் தந்தது.

வரைபடத்தைத் திறக்கும்போதே 固定 எப்படி ஒட்டிக்கொள்கிறது என்பது மட்டும் இன்னும் பிடிபடவில்லை.