முதல் செட்டில்மென்ட் `On hold`: எந்த ஆவணம் கொடுத்தால் பணம் விடுபடும்?

மாடித்தறி
துணிப்பை விற்கும் புதுத் தளம். 9 நாளில் 14 ஆர்டர் வந்தது. வாடிக்கையாளர்களின் கார்டிலிருந்து பணம் போய்விட்டது, டாஷ்போர்டில் இருப்பும் காட்டுகிறது. ஆனால் பணம் வசூலித்துத் தரும் பேமென்ட் கேட்வேயின் செட்டில்மென்ட் பக்கத்தில் 14 வரிக்கும் எதிரே `On hold`. பதிவுச் சான்றிதழ், அடையாள அட்டை, பேங்க் ஆப்பின் ஸ்கிரீன்ஷாட் மூன்றையும் ஏற்றினேன். இரண்டு நாளில் `Needs clarification` என்று திரும்பி வந்தது. கீழே ஒரே வரி: `Bank account name does not match`. பதிவு கடைப் பெயரில், கணக்கு என் பெயரில். பங்குதாரர் யாரும் இல்லை, நான் மட்டும்தான். 10 பார்சல் அனுப்பியாகிவிட்டது. இதைத் தாண்டி வந்தவர்கள் எதைக் கொடுத்தீர்கள் என்று சொல்லுங்கள்.

கடைவீதி
புது அக்கவுன்ட்டுக்கு முதல் பணம் லேட்டாத்தாங்க வரும். எனக்கு ஒரு வாரம் ஆச்சு, நான் எதுவும் அனுப்பல, தானா விழுந்துச்சு. பொறுமையா இருங்க.

லெட்ஜர்
கடைவீதி சொல்வது வேறு நிறுத்தம். முதல் பணத்துக்கு மட்டும் சில நாள் கூடுதலாக வைப்பது வழக்கம், நாள் கழிந்தால் அது தானாக விடுபடும். `Needs clarification` அப்படியல்ல. நீங்கள் பதில் தரும்வரை அந்தக் கோப்பை யாரும் எடுத்துப் பார்க்க மாட்டார்கள். அந்த மின்னஞ்சலில் கெடுத் தேதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கெடு தாண்டினால் புதிய பணம் வாங்குவதையே நிறுத்திவிடலாம்.

உங்கள் சிக்கல் பெயரில். மாடித்தறி, புரொஃபைலில் இரண்டு பெட்டிகள் இருக்கும். ஒன்று சட்டப்பூர்வப் பெயர், இன்னொன்று வணிகப் பெயர். பெரும்பாலானவர்கள் இரண்டிலும் கடைப் பெயரையே போட்டுவிடுகிறார்கள். தனிநபர் உரிமைக் கடைக்கு உரிமையாளரைத் தாண்டிய தனி ஆள்தன்மை கிடையாது. அதனால் முதல் பெட்டியில் அடையாள அட்டையில் உள்ளபடி உங்கள் பெயர், இரண்டாவதில் கடைப் பெயர். இரண்டையும் இணைக்கும் சாட்சி பதிவுச் சான்றிதழ். உரிமையாளர் பெயர் அதன் முதல் பக்கத்தில் இல்லாமல் இணைப்புப் பக்கத்தில் இருப்பது உண்டு. ஒரு பக்கம் மட்டும் ஏற்றியிருந்தால் பரிசீலிப்பவருக்கு வெறும் கடைப் பெயர்தான் தெரியும், எல்லாப் பக்கங்களையும் ஒரே கோப்பாக ஏற்றுங்கள்.

நம் பெயர்களில் இன்னொரு தொல்லை, முன்னெழுத்து. வங்கியில் `S MURUGAN`, அட்டையில் `MURUGAN SELVARAJ` என்றிருந்தால் ஒப்பிடும் நிரலுக்கு அவர்கள் இரண்டு பேர். கணக்குதாரர் பெயரை வங்கியில் உள்ளபடியே, எழுத்து மாறாமல் போடுங்கள். அதோடு முழுப் பெயர் அச்சான வங்கிக் கடிதத்தையும் சேர்த்து அனுப்புங்கள்.

ஸ்கிரீன்ஷாட் பெரும்பாலும் நிற்காது. பெயர், கணக்கு எண், வங்கியின் பெயர் மூன்றும் ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும், வங்கி கொடுத்ததாகவும் இருக்க வேண்டும். கடந்த 3 மாதத்துக்குள் எடுத்த ஸ்டேட்மென்ட், அல்லது பெயர் அச்சான ரத்து செய்த காசோலை போதும். கடவுச்சொல் போட்டுப் பூட்டிய பிடிஎஃபை அவர்களால் திறக்க முடியாது. நாமே பூட்டை எடுத்து வேறு மென்பொருளில் சேமித்தால் திருத்திய கோப்பு என்று கொடி விழலாம். கிளையில் முத்திரையிட்ட ஒரு பக்கம் வாங்கி, நான்கு மூலையும் தெரியக் கலரில் ஸ்கேன் செய்வதுதான் சுத்தமான வழி.

அஞ்சல்பெட்டி
என் கஸ்டமருக்கும் இதே மாதிரி பணம் கட் ஆகி ஆர்டர் ஃபெயில் ஆச்சு சார். அவர் பேங்க்ல புகார் கொடுத்து நாலஞ்சு நாள்ல திரும்ப வந்துடுச்சு. உங்க கஸ்டமரை அவங்க பேங்க்ல கேட்கச் சொல்லுங்க.

லெட்ஜர்
அது தோல்வியடைந்த பரிவர்த்தனை. இங்கே பணம் கேட்வே வரை வந்து நிற்கிறது. தயவுசெய்து வாடிக்கையாளரை வங்கிக்கு அனுப்பாதீர்கள். அவர் புகார் எழுதினால் அது சார்ஜ்பேக்காக, அதாவது அவருடைய வங்கி உங்களிடமிருந்து பணத்தைத் திரும்பக் கேட்பதாகப் பதிவாகலாம், புதுக் கணக்குக்கு அதைவிடக் கெடுதல் இல்லை.

வலைநூல்
தளத்தையும் கவனிங்க. தளங்கள் கட்டிக் கொடுக்கிற இடத்தில் அடிக்கடி பார்க்கிறது இது: ஆவணம் எல்லாம் சரி, தளம் `Coming soon` பூட்டில் இருக்கும், இல்லேன்னா வெளிநாட்டிலிருந்து திறக்காதபடி தடுத்திருப்பாங்க. பரிசீலிப்பவர் வேற நாட்டில் இருந்தா வெள்ளைப் பக்கம்தான் தெரியும். பணம் திரும்பத் தரும் விதி, டெலிவரி நாட்கள், தனியுரிமை, விதிமுறை, தொடர்பு முகவரி இந்த அஞ்சும் அடிப்பகுதியில் லிங்க்கா இருக்கணும். மாதிரி விதியை நகலெடுத்தவங்க அதுல இருக்கிற `[Your Company]`-ஐ மாத்தாமலே விட்டுடுறாங்க, அதுக்கே திரும்பி வந்த கோப்பு உண்டு. அடிவரியில் கடைப் பெயரோட உரிமையாளர் பெயரும் இருந்தா லெட்ஜர் சொன்ன இணைப்பு அங்கேயும் தெரியும்.

பதிவில் எழுதின தொழில் வகையும் தளத்தில் விற்கிறதும் ஒண்ணா இருக்கா பாருங்க. பை விற்கிறவர் 'இதர சேவைகள்' வகையைத் தேர்ந்தெடுத்தா மறுபடி கேள்வி வரும்.

மாடித்தறி
இரண்டு பெட்டியிலும் கடைப் பெயர்தான் போட்டிருந்தேன், மாற்றிவிட்டேன். சான்றிதழின் 3 பக்கமும், கிளையின் முத்திரைக் கடிதமும் ஏற்றினேன். நான்காம் நாள் `Verified` என்று வந்தது. ஆனால் 14-இல் 9 மட்டும் விடுபட்டது, 5 இன்னும் நிற்கிறது. இப்போது கொள்முதல் பில்லும் டெலிவரி ஆதாரமும் கேட்கிறார்கள். இன்னும் என்ன பாக்கி?

லெட்ஜர்
அடையாளச் சோதனை முடிந்தது, இது அபாயச் சோதனை. பொருள் போய்ச் சேராமல் வாடிக்கையாளர் பணத்தைத் திரும்பக் கேட்டு, நீங்களும் கணக்கைக் காலி செய்திருந்தால் அந்தப் பணத்தைக் கேட்வேதான் கட்ட வேண்டும். 'பொருள் வரவில்லை' என்ற புகாருக்கு விசா, மாஸ்டர்கார்டு இரண்டிலும் பொதுவாக 120 நாள் அவகாசம் உண்டு. அதுதான் அவர்கள் பயம்.

அந்த 5-இல் 4 நீங்கள் இன்னும் அனுப்பாதவையாக இருக்கும், சரிபாருங்கள். ஒவ்வொன்றுக்கும் ஆர்டர் எண், தொகை, கூரியர் பெயர், கண்காணிப்பு எண், சேர்ந்த தேதி என்று ஒரு வரி எழுதி ஒரே தாளாகக் கொடுங்கள். கண்காணிப்பு எண்ணை மட்டும் அனுப்பினால் எந்த ஆர்டருக்கு எது என்று அவர்களுக்குத் தெரியாது. கொள்முதல் பில்லில் உங்கள் பெயரும், விற்ற எண்ணிக்கைக்குக் குறையாத அளவும், ஆர்டருக்கு முந்திய தேதியும் வேண்டும். நீங்களே தைத்தால் துணி, ஜிப் வாங்கிய பில்லும் வேலை நடக்கும் இடத்தின் படமும் கொடுத்துப் பார்க்கலாம்.

ஐந்தாவது எது?

மாடித்தறி
4 அனுப்பாதவைதான், உடனே அனுப்புகிறேன். ஐந்தாவது, தளம் வேலை செய்கிறதா என்று பார்க்க என் சொந்தக் கார்டில் நானே போட்டது.

லெட்ஜர்
அதை இன்றே ரீஃபண்ட் செய்யுங்கள். சொந்தக் கார்டில் தனக்குத் தானே விற்பது கார்டிலிருந்து ரொக்கம் எடுப்பதுபோல்தான் அவர்களுக்குத் தெரியும். சோதனைக்கு டெஸ்ட் மோடு இருக்கிறது. எல்லாம் முடியும்வரை வங்கிக் கணக்கை மாற்றாதீர்கள், மாற்றினால் சோதனை முதலிலிருந்து தொடங்கலாம். இரண்டாவது அக்கவுன்ட்டும் திறக்காதீர்கள், இரண்டும் சேர்ந்து முடங்கலாம்.

கடைவீதி
எனக்கு ஒண்ணும் கேட்காம விட்டது சின்னத் தொகைங்கிறதால இருக்கும்போல. அதுவரைக்கும் புது ஆர்டர் எடுக்கலாமா?

வலைநூல்
நான்னா நிறுத்திடுவேன். கையில் பணம் வராம சரக்கு மட்டும் வெளியே போயிட்டே இருக்கும்.

லெட்ஜர்
நான் நிறுத்த மாட்டேன். இருக்கிற சரக்கை மட்டும் காட்டி, மறுநாளே அனுப்பக்கூடிய அளவுக்கு எடுங்கள். நேரத்துக்குச் சேர்ந்த ஒவ்வொரு பார்சலும் இந்தச் சோதனையில் உங்கள் பக்கம் பேசும். முன்பதிவு மட்டும் வேண்டாம்.

வலைநூல்
அதுக்கு அவங்க கையில் முதலீடு இருக்கணுமே.