பினாங்கு அடுக்குமாடி: குறுகிய கால வாடகைக்குத் தடை, யாராவது விவரம் சொல்லுங்கள்

வணக்கம். தஞ்சோங் தோக்கோங்கில் எங்கள் சர்வீஸ் அபார்ட்மெண்ட்டைச் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுகிறோம். போன வாரம் லிஃப்டில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள்: அடுத்த மாதம் முதல் தினசரி வாடகை கூடாது, மீறினால் 200 வெள்ளி அபராதம், விருந்தினரின் அணுகல் அட்டையும் முடக்கப்படும். கீழே "நிர்வாகக் குழுவின் முடிவு" என்று மட்டும் இருக்கிறது.

தடை போடவே முடியாது என்று நான் வாதாடவில்லை. மோண்ட் கியாராவின் வெர்வ் சூட்ஸ் வழக்கில், அப்படித் துணைவிதி போட நிர்வாகக் கழகத்துக்கு அதிகாரம் உண்டு என்று கூட்டரசு நீதிமன்றம் 2020இல் சொல்லிவிட்டது. ஆனால் 2013 ஸ்ட்ராத்தா நிர்வாகச் சட்டத்தின்படி கூடுதல் துணைவிதிக்குச் சிறப்புத் தீர்மானம் வேண்டும். அதாவது குறைந்தது 21 நாள் முன்னறிவிப்போடு பொதுக்கூட்டம், பதிவான செல்லுபடியாகும் வாக்குகளில் நான்கில் மூன்று பங்கு ஆதரவு. எங்களுக்கு அப்படி ஒரு கூட்டக் கடிதமே வரவில்லை.

அப்புறம் மாநகர் மன்றத்தின் விதியும் இருக்கிறது. பினாங்கில் குடியிருப்புப் பட்டா உள்ள வீடுகளுக்கு இதற்கு அனுமதி இல்லை. எங்களுடையது வணிகப் பட்டா, அதனால் பதிவு செய்ய வழி உண்டு. ஆனால் கட்டடத் துணைவிதி தடுத்தால் அந்தப் பதிவால் பயனில்லை.

அந்தத் தீர்மானத்தின் நகலை நிர்வாக அலுவலகத்தில் எழுத்துமூலம் கேட்டு வாங்கியவர்கள் இருக்கிறீர்களா? தர மறுத்தால் கட்டட ஆணையரிடம் புகார் செய்வது எப்படி? தைப்பூசத்துக்கு முன்பதிவு செய்த குடும்பங்களுக்கு நான் சீக்கிரம் பதில் சொல்ல வேண்டும், தெரிந்தவர்கள் உதவுங்கள்.