ரிப்பீட் போட்ட வெபினார் ரெண்டாவது வாரம் ஒரு மணி நேரம் முன்னாடி ஓடிருச்சு, யாராச்சும் பார்த்து சொல்லுங்க

மதுரைக்காரி
வணக்கம் மக்களே. வெளிநாட்டுல சனி ஞாயிறு தமிழ்ப் பள்ளி நடத்துறாங்கல்ல, அந்த டீச்சர்களுக்கு ஆறு வாரம் ஆன்லைன்ல பயிற்சி நடத்துறோம், மார்ச் 7ல இருந்து ஏப்ரல் 11 வரைக்கும் ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒன்றரை மணி நேரம். பாடம் எடுக்குற ஐயா இங்க மதுரைல, ரிடையர்டு தமிழாசிரியர். கேக்குறவங்க டொராண்டோ, லண்டன், சிங்கப்பூர், சிட்னி, அப்புறம் டப்ளின்ல ஒரு அக்கா. போஸ்டர்ல "மாலை 5.30 ஐஎஸ்டி, காலை 7 இஎஸ்டி"ன்னு ரெண்டே வரிதான் போட்டோம், மத்தவங்க கணக்கு பண்ணிக்குவாங்கன்னு நினைச்சுட்டோம். மீட்டிங் அக்கவுண்ட் டொராண்டோ அண்ணனோடது, அவரே ஆறு வாரத்துக்கும் சேர்த்து ஒரே தடவைல ரிப்பீட் போட்டுட்டார்.

7ஆம் தேதி ஒரு பிரச்சினையும் இல்ல. 14ஆம் தேதி ஐயா மத்தியான தூக்கத்துல இருந்து எந்திரிச்சு முகம்கூட கழுவல, 4.40க்கு எனக்கு டொராண்டோல இருந்து போன், "என்னம்மா எல்லாரும் உள்ள உக்காந்திருக்கோம், ஐயாவ காணோம்"னு. ஐயா அவசர அவசரமா வந்து 4.50க்கு ஆரம்பிச்சு 6 மணிக்கு முடிச்சுட்டார். சென்னைல இருந்து வர்ற நாலு பேரு 5.30க்கு உள்ள வந்து பாதில என்ன நடக்குதுன்னே தெரியாம உக்காந்திருந்தாங்க. டப்ளின் அக்கா அவங்க ஊரு சாயங்காலம் அஞ்சரைக்கு வந்துட்டு, ரூம்ல யாருமே இல்லைன்னு எனக்கு ராத்திரி 11 மணிக்கு மெசேஜ் போடுறாங்க. நாங்க யாரும் டைமை தொடவே இல்ல. சத்தியமா.

எக்ஸெல் எழில்
ரொம்ப சிம்பிள் சிஸ்டர். ஷீட்டுல யுடிசி டைம் A2ல போட்டு பக்கத்து செல்லுல இத போடுங்க, இந்தியா டைம் வந்துரும்:
```
=A2+TIME(5,30,0)
```
ஒவ்வொரு ஊருக்கும் ஒரு காலம் போட்டு இழுத்து விட்டா முடிஞ்சுது.

மதுரைக்காரி
எழில் அண்ணா, மாத்தத் தெரியாம கேக்கல. போன வாரம் சரியா இருந்த டைம் இந்த வாரம் எப்படி மாறுச்சுன்னுதான் கேக்குறேன்.

யுடிசி வாத்தியார்
இதுக்குதான் எப்பவும் சொல்றது, இஎஸ்டி ஐஎஸ்டி எல்லாம் தூக்கிப் போட்டுட்டு யுடிசி மட்டும் போடுங்க, 12:00 யுடிசி, அவ்ளோதான். உலகத்துக்கே ஒரே டைம். லண்டன்காரங்களுக்கு அதான் அவங்க டைம், மத்தவங்க கூட்டிக் கழிச்சுக்கட்டும்.

வன்னியன்_ஸ்கார்பரோ
நான் அந்த வகுப்பில இல்லை, ஆனா டொராண்டோவிலதான் இருக்கிறன், எனக்கு உடனேயே விளங்கிட்டுது. மார்ச் 8 ஞாயிறு விடிய இஞ்ச மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினவங்கள் எல்லோ. எங்களுக்கு காலமை ஏழு எண்டால் ஏழுதான், அதில ஒண்டும் மாறேல்ல. உங்கட பக்கந்தான் மாறினது. போன வருசம் எங்கட அம்மா யாழ்ப்பாணத்தில இருந்து வழமையா எடுக்கிற நேரத்துக்கு கோல் எடுத்தா, நான் வேலைக்கு வெளிக்கிட்டு பாதி தூரம் போயிட்டன், பிறகு "ஏன் பிள்ளை எடுக்கேல்ல" எண்டு மூண்டு நாள் முகத்தை நீட்டிக்கொண்டு இருந்தவா.

சர்வர்சாமி
ஸ்கார்பரோ அண்ணன் சொன்னது சரி, ஆனா அது பாதிதான். கடிகாரம் மாறுனது தப்பில்ல, உங்க ரிப்பீட் எந்த ஊரு கடிகாரத்துல கட்டிப் போட்டிருக்குங்கறதுதான் விஷயம். அண்ணன் அக்கவுண்ட்ல போட்டதால அது டொராண்டோ காலை 7ன்னு கட்டிக்கிட்டு இருக்கும். மார்ச் 7 அன்னைக்கு டொராண்டோ காலை 7ன்னா நமக்கு 5.30. மறுநாள் அவங்க கடிகாரம் மாறிடுச்சு, அதுக்கப்புறம் அதே காலை 7 நமக்கு 4.30. மெஷின் சொன்னதத்தான் செஞ்சுச்சு, "ஒவ்வொரு சனியும் டொராண்டோ ஏழு மணிக்கு"ன்னுதான அதுக்கு சொல்லி வச்சிருக்கீங்க.

இன்வைட் மெயிலோட ஒரு .ics ஃபைல் வந்திருக்கும், அத நோட்பேட்ல திறந்து பாருங்க. DTSTARTன்னு ஆரம்பிக்கிற வரி எனக்கு வேணும்.

மதுரைக்காரி
இதான் இருக்கு அண்ணா:
```
DTSTART;TZID=America/Toronto:20260307T070000
RRULE:FREQ=WEEKLY;COUNT=6
```

சர்வர்சாமி
ம், அதேதான். TZIDன்னு இருக்குல்ல, அதான் முளைக்குச்சி, மாடு அதச் சுத்திதான் மேயும். இப்படி இருந்திருக்கணும்:
```
DTSTART;TZID=Asia/Kolkata:20260307T173000
RRULE:FREQ=WEEKLY;COUNT=6
```
இந்தியால கடிகாரம் மாறாதுங்கறதால ஐயாவுக்கு ஆறு வாரமும் 5.30 தான். இலங்கையும் அதே 5.30. சிங்கப்பூரும் மாத்துறதில்ல, அவங்களுக்கு எப்பவும் ராத்திரி 8. மாறப்போறது நாலு ஊருதான், அதுவும் நாலும் ஒரே நாள்ல மாறாது, அங்கதான் எல்லாரும் வழுக்கி விழறது. டொராண்டோ மார்ச் 8ல மாறியாச்சு, இனி காலை 8. லண்டன் மார்ச் 29 ஞாயிறு மாறுது, அதனால 28ஆம் தேதி வகுப்பு வரைக்கும் பகல் 12, ஏப்ரல் 4ல இருந்து பகல் 1. டப்ளினும் லண்டன் கூடவே மாறும். சிட்னி ஏப்ரல் 5ல, அதுவும் தலைகீழா, அங்க கோடை முடியுதுல்ல, கடிகாரத்த பின்னாடி தள்ளுவாங்க, அதனால ஏப்ரல் 4 வரைக்கும் ராத்திரி 11, கடைசி வகுப்பு மட்டும் ராத்திரி 10.

வாத்தியார் கிட்ட ஒரு சின்ன சண்டை. லண்டன் டைமும் யுடிசியும் ஒண்ணுங்கறது குளிர்காலத்துல மட்டும்தான். 12:00 யுடிசின்னு போஸ்டர் போட்டீங்கன்னா ஏப்ரல் 4 அன்னைக்கு லண்டன்காரர் பாதிப் பேரு பகல் 12க்கு வந்து ஒரு மணி நேரம் காத்திருப்பாங்க.

யுடிசி வாத்தியார்
அது மனுஷங்க தப்பு, யுடிசி தப்பு இல்லையே. சிஸ்டத்துக்குள்ள யுடிசிதான் கரெக்ட்.

சர்வர்சாமி
இந்தியா நேரத்துல நடக்குற வகுப்புக்கு ரெண்டும் ஒரே விடைதான் தரும், ஒத்துக்குறேன். ஆனா லண்டன்ல இருந்து ஒருத்தர் பாடம் எடுத்து அத யுடிசில கட்டிப் போட்டீங்கன்னா மார்ச் 29க்கு அப்புறம் அவரு சொந்த வகுப்புக்கே தப்பான நேரத்துல வருவாரு. எந்த ஊர்ல நேரம் நிலையா இருக்கணுமோ அந்த ஊருப் பேரப் போடணும், அவ்ளோதான்.

போஸ்டர்ல ஐஎஸ்டின்னு மூணு எழுத்து போட்டதுதான் டப்ளின் அக்காவ கவுத்துருச்சு. அயர்லாந்துல அவங்க கோடை நேரத்துக்குப் பேரே ஐஎஸ்டி தான், இஸ்ரேல்லயும் அதே மூணு எழுத்து. மார்ச் நடுவுல அயர்லாந்துல கோடை நேரம் ஆரம்பிக்கலதான், ஆனா போஸ்டரப் பாக்குறவங்க அதையெல்லாம் யோசிக்க மாட்டாங்க, நம்ம ஊரு அஞ்சரைன்னு எடுத்துக்குவாங்க. இஎஸ்டியும் தப்பு, 8ஆம் தேதிக்கப்புறம் அங்க ஓடுறது இடிடி. பேசாம "டொராண்டோ காலை 8"ன்னு ஊரு பேரு எழுதிடுங்க.

சிட்னி சுமதி
நான் வேற ஒரு வகுப்புல சேர்ந்திருந்தேன், இந்தியா நேரம் சனி ராத்திரி 7.30ன்னு. அவங்க எங்களுக்கு "சனி 12.00 ஏஎம்"னு போட்டு அனுப்பிட்டாங்க. சனிக்கிழமை பன்னெண்டு ஏஎம்னா வெள்ளி ராத்திரி முடிஞ்சு சனி பொறக்குற நேரம்ல, அத நம்பி வெள்ளிக்கிழமை ராத்திரி தூங்காம முழிச்சிருந்தேன், வீட்டுக்காரர் சிரிச்ச சிரிப்பு இன்னும் காதுல கேக்குது. உண்மையில அது ஞாயித்துக்கிழமை பொறக்குற நேரம். அதனால சிட்னிக்கு கிழமையும் சேர்த்துப் போடுங்கம்மா. இன்னொண்ணு, பிரிஸ்பேன்ல யாராச்சும் இருந்தா கேட்டுக்கோங்க, அங்க கடிகாரத்த மாத்தவே மாட்டாங்க, ஆஸ்திரேலியான்னு மொத்தமா ஒரே நேரம் போட்டா அவங்க மாட்டிக்குவாங்க.

மதுரைக்காரி
சுமதி அக்கா பாவம் 😄 பிரிஸ்பேன்ல யாரும் இல்ல, நல்லவேளை.

சாமி அண்ணா, டொராண்டோ அண்ணன்கிட்ட சொல்லி மீட்டிங் செட்டிங்ல டைம் ஜோனை Asia/Kolkataனு மாத்தியாச்சு, 5.30ன்னு காட்டுது. இப்ப எல்லாருக்கும் தானா மாறிருக்குமா?

சர்வர்சாமி
இன்வைட்டை மெயில்ல ஏத்துக்கிட்டவங்களுக்கு அப்டேட் போயிருக்கலாம். ஆனா ஃபைல டவுன்லோட் பண்ணி சொந்த காலண்டர்ல போட்டவங்களுக்கு எதுவும் மாறாது, அது அவங்ககிட்ட இருக்குற ஒரு ஜெராக்ஸ் மாதிரி. புது ஃபைல அனுப்பி பழசை அழிக்கச் சொல்லுங்க, இல்லன்னா ரெண்டு என்ட்ரி நிக்கும், எது உண்மைன்னு தெரியாது.

அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு தடவை நீங்களே பாருங்க. கூகுள் காலண்டர் செட்டிங்ஸ்ல டைம் ஜோன் பகுதியில ரெண்டாவதா ஒரு டைம் ஜோன் காட்டச் சொல்லலாம், அதுல டொராண்டோ வச்சு மார்ச் 7, மார்ச் 14 ரெண்டு வாரத்தையும் புரட்டிப் பாருங்க, டொராண்டோ பக்கம் 7ல இருந்து 8க்கு குதிச்சு நம்ம பக்கம் 5.30 அசையாம இருந்தா சரி. அப்புறம் லண்டன் வச்சு மார்ச் 28, ஏப்ரல் 4. சிட்னிக்கு ஏப்ரல் 4, ஏப்ரல் 11. முதல் வாரத்த மட்டும் பார்த்துட்டு ஓகேன்னு விட்டதாலதான் உங்களுக்கு இது நடந்துச்சு.

வன்னியன்_ஸ்கார்பரோ
ஒண்டு கேக்கிறன், குறை நினைக்காதேங்கோ. இஞ்ச கன தமிழ்ப் பள்ளிக்கூடம் சனிக்கிழமை காலமை ஒன்பதுக்குத் தொடங்குது. ஏழு மணிக்கு வச்சால் எட்டரைக்கு முடிச்சு ஓடிப் போவினம். இப்ப எட்டுக்கு மாத்தினால் ஒன்பதரை ஆயிடுமே, அந்த ரீச்சர்மார் எப்பிடி கடைசி வரைக்கும் இருக்கிறது?

மதுரைக்காரி
ஐயோ. இத யோசிக்கவே இல்ல அண்ணா.

21ஆம் தேதி வகுப்பு முடிஞ்சு எழுதுறேன். இந்தியா, சிங்கப்பூர், லண்டன் எல்லாம் சரியா வந்தாங்க, டப்ளின் அக்காவும் பகல் 12க்கு டாண்ணு வந்துட்டாங்க. டொராண்டோல ரெண்டு பேரு பழைய என்ட்ரியப் பார்த்து 7 மணிக்கே வந்து உக்காந்திருக்காங்க. மத்தவங்க 8 மணிக்கு வந்து, ஸ்கார்பரோ அண்ணன் சொன்ன மாதிரியே 8.40ல இருந்து ஒவ்வொருத்தரா கழண்டுட்டாங்க, கடைசில டொராண்டோ ஆளு மூணு பேருதான். ஐயாகிட்ட இனிமே 4.30க்கே வச்சுக்கலாமான்னு கேட்டேன், "என் தூக்கத்த விட்டா வேற ஒண்ணும் கிடைக்கலயா உங்களுக்கு"ன்னார், ஆனா முடியாதுன்னு சொல்லல. அப்படி மாத்துனா போன வாரம்தான் "5.30, இனி மாறாது"ன்னு சென்னைக்காரங்களுக்கு மெசேஜ் போட்டேன், அவங்க என்னை சும்மா விடுவாங்களான்னு தெரியல. 28க்குள்ள முடிவு பண்ணணும். இந்த மாதிரி வகுப்பு நடத்துற யாராச்சும், மொத நேரத்த எந்த ஊருக்கு விட்டுக்கொடுத்தீங்க?