மென்டீ கிட்ட "டைம் நீயே சொல்லு"னு மெயில் போட்டவங்க அனுபவம் சொல்லுங்க

நியூஜெர்சி நெல்லையப்பன்:
படிச்ச காலேஜோட முன்னாள் மாணவர் திட்டத்துல ஃபைனல் இயர் தம்பி ஒருத்தருக்கு மென்டரா இருக்கேன், அவர் திருநெல்வேலி, நான் நியூஜெர்சி. முதல் மெயில்ல "உனக்கு எப்ப வசதி"னு மட்டும் கேட்டேன், "எனிடைம் ஓகே அண்ணா, உங்களுக்கு எப்ப ஃப்ரீயோ அப்ப"னு பதில் வந்துச்சு. நம்ம பசங்க பெரியவங்க கிட்ட டைம் சொல்றதையே மரியாதைக் குறைவா நினைக்கறாங்க. சரினு நான் ஒரு டைம் வெச்சா தம்பி காலேஜ் பஸ்ல நின்னுக்கிட்டே பேசறார், ஹாரன் சத்தத்துல ஒண்ணும் கேக்கல.

அப்புறம் இப்படி எழுதினேன் (அனுப்பினது இங்கிலீஷ்ல, இங்க தமிழ்ல போடறேன்):

"தம்பி, மாசம் ஒரு தடவை முக்கா மணி நேரம் பேசலாம். எனக்கு சனி ஞாயிறுல உங்க ஊர் டைம் சாயங்காலம் 5:30லேர்ந்து 8:30 வரைக்கும் முடியும். அதுக்குள்ள உனக்கு தோதான மூணு டைம் புதன்கிழமைக்குள்ள எழுது, பஸ், லேப், ஹாஸ்டல் மெஸ் எல்லாம் பாத்துட்டு எழுது. சொன்ன நேரத்துக்கு நான் லைன்ல இருப்பேன், 10 நிமிஷம் பாப்பேன், அதுக்கு மேல அந்த மாசம் கிடையாது, அடுத்த மாசம் பேசுவோம். வர முடியலைன்னா முந்தின நாள் ராத்திரிக்குள்ள ஒரு வரி போடு, காரணம் வேண்டாம். நான் வரலைன்னா அதே வாரத்துல வேற டைம் தர்றது என் பொறுப்பு."

அன்னைக்கே பதில் வந்துச்சு, ரெண்டாவது சனி 6 மணி முதல் சாய்ஸ், அன்னைக்கு காலேஜ் லீவாம். உங்க அனுபவம் எப்படி?

ஆராய்ச்சி மாணவி:
டைம் பத்தி பேசாதீங்க அண்ணா, என் கைடு 10 மணிக்கு வரச் சொல்லிட்டு மதியம் வரைக்கும் ரூம் வாசல்ல நிக்க வெப்பார், மெயில் போட்டா பதிலே வராது. நான் கைடுக்கு இந்த மாதிரி எழுதலாமா?

நியூஜெர்சி நெல்லையப்பன்:
தங்கச்சி, இது மேல இருக்கறவர் கீழ இருக்கறவருக்கு எழுதறது. உங்க நிலைமைல ரூலா போட முடியாது, ரெண்டு டைம் எழுதி எது வசதினு கேக்கலாம்.

காலண்டர் மாமா:
மெயில் நல்லா இருக்கு. "நான் வரலைன்னா"னு ஒரு வரி இருக்கே, அது இருந்தா தான் பையனுக்கு இது மிரட்டலா தெரியாது. ஆனா நவம்பர்ல ஒண்ணு இடிக்கும் பாருங்க. இன்வைட் யார் போட்டது?

நியூஜெர்சி நெல்லையப்பன்:
நான் தான் மாமா, என் டைம் காலை 8:30னு மாசாமாசம் ரிப்பீட் ஆகற மாதிரி.

காலண்டர் மாமா:
அதான். இப்ப உங்க 8:30 அவருக்கு சாயங்காலம் 6. நவம்பர் முதல் ஞாயிறு அமெரிக்காவுல கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னாடி வெப்பாங்க, இந்தியாவுல அந்தப் பழக்கமே இல்ல. அதுக்கப்புறம் உங்க 8:30 அவருக்கு 7 ஆயிடும், மெஸ்ல சாப்பாட்டு நேரம். 6 மணினு மனசுல வெச்சவர் வந்து காத்துக்கிட்டு இருப்பார். மார்ச் ரெண்டாவது ஞாயிறு திரும்ப 6 ஆகும்போது தான் மோசம், 7 மணினு பழகினவர் ஒரு மணி நேரம் லேட்டா வருவார், உங்க 10 நிமிஷ ரூல்ல அந்த மாசம் போச்சு, பையன் மேல தப்பே இல்ல. என் கூட பேசிக்கிட்டிருந்த ஒரு பொண்ணு இதே மாதிரி மார்ச்ல வரல, பொறுப்பில்லனு நினைச்சேன், அப்புறம் இன்வைட்டை திறந்து பாத்தா தான் புரிஞ்சுது.

சோழிங்கநல்லூர் டெஸ்டர்:
சிம்பிள் ப்ரோ, இன்வைட்ல டைம் ஜோன் இந்தியானு மாத்திடுங்க, யாருக்கும் எதுவும் மாறாது.

காலண்டர் மாமா:
பையனுக்கு மாறாது, பாதி சரி. இவருக்கு குளிர்காலத்துல காலை 7:30 ஆயிடும். எழுந்துக்க முடியும்னா அது தான் நல்ல வழி, இல்லைன்னா நவம்பர் சாய்ஸை தனியா கேட்டு வாங்கணும்.

நியூஜெர்சி நெல்லையப்பன்:
7:30 எனக்கு ஓகே மாமா. ஜோனை மாத்திட்டு, மெயில்ல "வருஷம் பூரா இந்திய நேரம் சாயங்காலம் 6"னு ஒரு வரி சேத்துடறேன்.

ஃபைனல் இயர் பொண்ணு:
நான் மென்டீ சைடு. மூணு டைம் கேட்டது ரொம்ப ஈசி, வெறும் "எப்ப வசதி"னு கேட்டா பயமா இருக்கும். ஆனா 10 நிமிஷம் கஷ்டம் அண்ணா, எங்க ஹாஸ்டல்ல கரண்ட் போனா வைஃபையும் போயிடும், டேட்டா ஆன் பண்ணி மறுபடி ஜாயின் பண்றதுக்குள்ள போயிடுது.

சோழிங்கநல்லூர் டெஸ்டர்:
அப்போ வாட்ஸாப்ல ஒரு மெசேஜ் போடலாமே.

ஃபைனல் இயர் பொண்ணு:
நம்பர் குடுத்தா போடலாம். எங்க மென்டர் மெயில் ஐடி மட்டும் தான் குடுத்திருக்கார், மீட்டிங் நேரத்துல அதைப் பாப்பாரானு தெரியல.

நியூஜெர்சி நெல்லையப்பன்:
நம்பர் குடுக்கறதுல எனக்கும் யோசனை தான். 15 நிமிஷம் ஆக்கலாமானு பாக்கறேன், மத்தவங்க எத்தனை நிமிஷம் வெச்சிருக்கீங்க?