புதுப்பிப்பு: வீட்டிலிருந்து வேலை விதிமுறை, லேப்டொப் விடயம்

முன்பு கேட்டது: “ஹட்டனில் எங்கள் கணக்கு அலுவலகம். வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள் சொந்த லேப்டொப்பைப் பாவிக்கலாமா?”

கூடாது என்றே எழுதிவிட்டோம். பாஸ்வேர்ட் போட்டால் போதும் என்று தம்பி ஒருவர் சொன்னது பாதிதான் சரி. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினால் வாடிக்கையாளர் கோப்புகள் அப்படியே திறக்கும். டிஸ்க்கையே குறியாக்கம் செய்யச் சொன்ன அக்காவுக்கு மனமார்ந்த நன்றி. அலுவலக லேப்டொப்களில் BitLocker என்ற Windows குறியாக்க வசதியைப் போட்டு, மீட்புச் சாவியை அலுவலகத்தில் வைத்திருக்கிறோம். சாவி இல்லாமல் பூட்டிக்கொண்டால் எங்களுக்கும் கோப்பு கிடைக்காது.

வேலை நேரம் கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி நாளுக்கு 8, வாரத்துக்கு 45 மணி, மேலதிகத்துக்கு ஓவர்டைம். கரண்ட் போனால் சமாளிப்பது பற்றிப் பண்டாரவளை அண்ணா தன் வீட்டு இன்வேர்ட்டர் கதையைச் சொன்னார். ஆனால் கரண்ட் போன நேரம் வேலை நேரமா என்பது இன்னும் முடிவாகவில்லை.