வெப்சைட் வேலைக்கு மணிக்கணக்கு போட்டு ரேட் சொல்றவங்க, உங்க அனுபவத்தை எழுதுங்க

கவிதா: ஒரு ஜவுளிக் கடைக்கு வேர்ட்பிரஸ், வூகாமர்ஸ்ல சைட் செஞ்சேன். கொட்டேஷன்ல "ஆன்லைன் கடை" என்று ஒரே வரி போட்டா அதில் எத்தனை மணி ஒளிஞ்சிருக்குன்னு நமக்கே தெரியாது. அதனால எட்டு மணி நேரத்துக்கு மேல போற எந்த வரியையும் உடைப்பேன். செக்அவுட், டெலிவரி கட்டணம், பேமென்ட், பொருள் ஏற்றுவதுன்னு தனித்தனி.

பொருள் ஏற்றத்தை நான் ஊகிக்கிறதில்லை. முதல் பத்துப் புடவையை ஏத்திப் பார்த்தேன், ஒரு மணி ஆச்சு. 120 புடவைக்கு 12 மணி, அதை ரெண்டு வரியா உடைச்சேன். சுடிதார்ல அளவு, கலர்னு பிரியும், அதுக்கு இன்னும் கூடும். "போட்டோவும் விலையும் எக்செல்ல வந்தால்" என்று அந்த வரிகளுக்குக் கீழேயே எழுதிடுவேன். வாட்ஸ்அப்ல எது எந்தப் புடவைன்னே தெரியாம போட்டோ வந்தா, அந்த 12 செல்லாது.

சுரேஷ்: சிஎஸ்வி இம்போர்ட் இருக்கே அக்கா, ஒரு மணியில முடிஞ்சிடுமே?

கவிதா: முடியும் தம்பி, ஷீட் சுத்தமா இருந்தா. போட்டோவுக்கு லிங்க்கோ, மீடியாவில் ஏத்தின ஃபைலோட பேரோ ஷீட்டில் சரியா இருக்கணும். அந்த ஷீட்டைத் தயார் பண்ற நேரம்தான் நிஜமான வேலை.

ராஜா: எதுக்குங்க இவ்வளவு? மொத்தத்தை ரெண்டால பெருக்குங்க. நான் இன்னிக்கு வரைக்கும் நஷ்டப்பட்டதில்லை.

கவிதா: ரேட் சொல்ல அது போதும்ங்க. நடுவில எங்கே நிக்கிறோம்னு சொல்லாது. எனக்கு மொத்தம் 50 மணி. 20 மணி நேரம்னு போட்ட வேலைகள் முடிஞ்சப்போ 26 மணி ஓடியிருந்தது. இதே வேகத்துல மிச்சம் 30 மணி வேலை 39 ஆகும். அன்னிக்கே கிளையண்ட்கிட்ட பேசினேன், நாலாவது உள்பக்கத்தைப் பிறகு செய்துக்கலாம்னு ஒத்துக்கிட்டார். முக்கால்வாசி முடிஞ்ச வேலையை நான் சேர்க்கிறதே இல்லை. முடிஞ்சதா, இல்லையா, அவ்வளவுதான்.

நசீர்: என் கேஸ் வேற. பேமென்ட் கேட்வேக்கு 3 மணி போட்டேன். வேலை அவ்வளவுதான், ஆனா கடைக்காரர் கேஒய்சி பேப்பர் கொடுக்க இழுத்தடிச்சதுல மொத்த சைட்டும் நின்னுச்சு. இப்போ வேலை மணி தனி, காத்திருப்பு தனின்னு எழுதறேன். கடைசித் தவணையும் அப்ரூவலுக்குக் காத்திருக்காம, டெஸ்ட் மோடுல பேமென்ட் ஓடினதுமே வாங்கிடுவேன்.

ராஜா: இந்தக் கணக்கை அப்படியே கிளையண்ட்கிட்ட காட்டுவீங்களா? என்கிட்ட ஒருத்தர் "கான்டாக்ட் ஃபார்முக்கு ரெண்டு மணியா?"ன்னு வரிக்கு வரி பேரம் பேசினார். மெயில் ஸ்பாம்ல போகாம பார்க்கத்தான் அந்த ரெண்டு மணின்னு சொல்லியும் கேட்கலை.

கவிதா: வேலை வரிகளைக் காட்டுவேன், மணியைக் காட்ட மாட்டேன்.

நசீர்: நான் காட்டுவேன். மாற்றம் கேட்டா எத்தனை மணி கூடும்னு அப்புறம் சண்டையில்லாம சொல்லலாம்.

சுரேஷ்: எந்த ஆப்ல இதெல்லாம் போடறீங்க?

கவிதா: கூகுள் ஷீட்தான் தம்பி.